டெங்கு: பப்பாளி இலைச் சாறும் பிளேட்லெட் கணக்கும்

தம்பிக்கு டெங்கு, பிளேட்லெட் 62,000. பப்பாளி இலைச் சாறு எவ்வளவு கொடுக்கலாம்?

சரியான அளவு என்று உறுதியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சில சிறிய ஆய்வுகளில் பிளேட்லெட் கொஞ்சம் சீக்கிரம் ஏறியது. ஆனால் உயிராபத்தைக் குறைக்கிறதா என்பது இன்னும் தெளிவாகவில்லை. என் கவலை வேறு. ஏற்கெனவே குமட்டலோடு கிடப்பவர் அந்தக் கசப்பை ஒரு மடக்கு விழுங்கினால், அதுவரை குடித்த தண்ணீரையும் சேர்த்து வாந்தி எடுத்துவிடுவார். நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன்.

எங்கப்பாவுக்கு ஆறாம் நாள் சாறு கொடுத்தோம். எட்டாம் நாள் 40,000 இருந்தது 1,10,000 ஆச்சு. கண்ணால பார்த்ததை எப்படி நம்பாம இருக்கறது?

ஏறியது உண்மைதான் சார். பெரும்பாலானவர்களுக்கு ஆறு, ஏழாம் நாள் வாக்கில் அது தானாகவே ஏறத் தொடங்கும். கிவி, ஆட்டுப்பால் எல்லாம் பேர் வாங்கியதும் அந்த நாட்களில்தான். பிடித்தால் சாப்பிடட்டும், பாலைக் காய்ச்சிக் கொடுங்கள். மாதுளை, பீட்ரூட்டை மட்டும் அந்த வாரம் தள்ளிவையுங்கள். வாந்தியில் சிவப்பாக வந்தால் ரத்தமா சாறா என்று பார்ப்பவருக்குக் குழப்பம்.

காய்ச்சல் விட்டாச்சு. இனி தினமும் பிளேட்லெட் மட்டும் பார்த்தா போதும்தானே?

பாதி சரி. தினமும் பரிசோதிப்பது நல்லது, ஆனால் காய்ச்சல் விடும்போதுதான் சிக்கலான 24 முதல் 48 மணி நேரம் தொடங்குகிறது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகும். அது தெரிவது அதே ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்ற வரியில். முதல் நாள் 38 இருந்தது இன்று 46 என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. பிளேட்லெட் 62,000 இருந்தாலும் அவரை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இன்னொருவருக்கு 30,000தான், ஆனால் பி.சி.வி. அசையவில்லை, ரத்தக்கசிவும் இல்லை. மருத்துவர் கண்காணிப்பில் பிளேட்லெட் ஏற்றாமலே தேறிவிடலாம்.

அப்போ வெறும் தண்ணி குடிச்சா சரியாகிடுமா? உடம்பு வலிக்கு நான் புரூஃபென் போட்டுக்கிட்டிருக்கேன்.

முதலில் புரூஃபெனை நிறுத்துங்கள். அதுவும் டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகையும் ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் போதும், ஆறு மணி நேர இடைவெளியில். வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காமல், ஓ.ஆர்.எஸ். கரைசல், கஞ்சி என்று மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. இதய, சிறுநீரக நோய் இருந்தால் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, வயிறு விடாமல் வலிக்கிறது, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லென்று ஆகி ஆள் துவண்டுபோவது: இதில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

எட்டாம் நாள். பசிக்குது, ஆனா கைகாலெல்லாம் சிவந்து ஒரே அரிப்பு. காய்ச்சல் பழையபடி திரும்புதா?

இல்லை, தேறும்போது பலருக்கு வருவது இது. கசிந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பும் நேரம் என்பதால் இனி வலிந்து குடிக்க வேண்டாம், தாகத்துக்குக் குடித்தால் போதும். மூச்சு வாங்கினால் மட்டும் உடனே காட்டுங்கள்.