வேலையை விடாம டென்ஷனை குறைக்க முடியுமா? கேள்வி-பதில்

அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன். நாள் முழுக்க "என் பில் என்னாச்சு"ன்னு மெசேஜ் வந்துகிட்டே இருக்கு, என் ரிப்போர்ட்டை சாயங்காலம் 6 மணிக்கு மேலதான் தொடவே முடியுது. வேற வேலை தேடுறதுதான் வழியா?

அதுக்கு முன்னாடி இருக்கிற வேலையிலயே கொஞ்சம் கை வச்சு பாருங்க. 2001-ல ஏமி ரெஸ்னியெவ்ஸ்கி, ஜேன் டட்டன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதுக்கு ஜாப் கிராஃப்டிங்னு பேர் வச்சாங்க. என்ன செய்றோம், யார்கூட செய்றோம், அதை எப்படி பாக்குறோம், இந்த மூணுல எதையாவது நாமளே கொஞ்சம் மாத்திக்கிறதுதான் விஷயம்.

முதல்ல ஒரு வாரம், யார் எப்போ என்ன கேட்டாங்கன்னு மட்டும் குறிச்சு வைங்க. உங்க மாதிரி சீட்ல பெரும்பாலும் பில் வந்துச்சா, அப்ரூவல் யார்கிட்ட நிக்குது, பணம் எப்போ வரும்னு இதே மூணு கேள்விதான் சுத்தி சுத்தி வரும். அந்த மூணுக்கும் பதில் இருக்கிற மாதிரி எல்லாரும் பாக்குற ஒரு ஷீட் போட்டு, தினமும் 11 மணிக்கும் 4 மணிக்கும் அப்டேட் பண்ணுங்க, மெசேஜுக்கும் அந்த ரெண்டு நேரத்துலதான் பதில், காலைல 9-லருந்து 11 வரைக்கும் ரிப்போர்ட் மட்டும். இன்னைக்கே கடைசி தேதின்னா போன் பண்ணட்டும்.

இதை சத்தமில்லாம ஆரம்பிச்சுடாதீங்க, ஏன்னா உங்க மௌனம் மத்தவங்களுக்கு அலட்சியமா தெரியும். மேனேஜர்கிட்ட "ரெண்டு வாரம் ட்ரை பண்றேன், எதுவும் லேட் ஆச்சுன்னா பழையபடி மாத்திடுறேன்"னு சொல்லுங்க, இப்படி கேட்டா சரின்னு சொல்றது அவருக்கும் ஈஸி. ஷீட்டை ஒரு நாள் விட்டாலும் நம்பிக்கை போயிடும், மறுபடி மெசேஜ்தான். ரெண்டு வாரம் ஒழுங்கா அப்டேட் பண்ணியும் மெசேஜ் குறையலைன்னா, பில் வேற ஏதோ டேபிள்ல நின்னுகிட்டு இருக்குன்னு அர்த்தம், அங்கதான் பேசணும்.

பிடிக்காத வேலையை மெதுவா டீம்ல வேற யார்கிட்டயாவது தள்ளிவிட்டா அதுவும் ஜாப் கிராஃப்டிங்தானே?

கணக்குல வரும், ஆனா நான் அதை செய்யுங்கன்னு சொல்ல மாட்டேன். வெறும் தவிர்க்கிற வகை மாத்தங்கள் சோர்வை குறைக்கிறதா ஆராய்ச்சிகள்ல பொதுவா தெரியல, போதாததுக்கு அந்த பாரம் பக்கத்து சீட்ல போய் உக்காந்து சண்டையும் வருது. தள்ளாதீங்க, மாத்திக்கோங்க. உங்களுக்கு மீட்டிங் நோட்ஸ் எழுத எரிச்சல், பக்கத்து சீட்காரருக்கு கிளையன்ட்கிட்ட பேச பயம்னா ரெண்டு பேரும் பேசி மாத்தி எடுத்துக்கலாம், மேனேஜருக்கும் தெரியட்டும்.

கஸ்டமர் கேர்ல இருக்கேன், ஸ்கிரிப்ட், டைமிங் எதையும் தொட முடியாது. எனக்கு என்ன இருக்கு?

செய்றதை மாத்த முடியலைன்னா யார்கூடங்கிறதுல இடம் இருக்கும். புதுசா சேர்ந்தவங்களுக்கு கஷ்டமான கால்களை எப்படி சமாளிக்கிறதுன்னு வாரத்துல அரை மணி நேரம் சொல்லித்தரேன்னு டீம் லீடர்கிட்ட கேட்டு பாருங்க, ஷிஃப்ட் நேரத்துக்குள்ளயே கேளுங்க, வெளிய போனா அது கூடுதல் சுமை ஆயிடும். ஆனா ரெண்டு ஆள் வேலையை ஒரே ஆள் பாக்குற நிலைமைன்னா இது எதுவும் உதவாது. ஒரு நாளைக்கு எத்தனை கால் வருது, எத்தனை பிரேக் எடுக்க முடியாம போகுதுன்னு எழுதி எடுத்துட்டு போய் ஆள் கேளுங்க.