வெளிநாட்டில் கண்ணாடி மாற்றும்போது: வாசகர் கேள்விகளுக்குக் கண் பரிசோதகரின் பதில்கள்

குடிபெயர்ந்த நாட்டில் கண்ணாடி மாற்ற வேண்டும். கண் மருத்துவரிடம் போவதா, கண்ணாடிக் கடைக்குப் போவதா?

கடைக்குள் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே வேலையைச் செய்பவர்கள் அல்லர். கண் நோயைக் கண்டறிந்து மருந்தோ அறுவை சிகிச்சையோ தருபவர் கண் மருத்துவர். பார்வையை அளந்து பவர் எழுதித் தருபவர் ஆப்டோமெட்ரிஸ்ட். அந்தச் சீட்டைப் பார்த்து ஃபிரேமுக்கும் முகத்துக்கும் ஏற்ப லென்ஸைப் பொருத்தித் தருபவர் ஆப்டிஷியன். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கண்ணாடிக்கான பரிசோதனையைப் பெரும்பாலும் ஆப்டோமெட்ரிஸ்டே செய்கிறார்; ஜெர்மனியிலோ மாஸ்டர் தகுதி பெற்ற ஆப்டிஷியனே பவரையும் அளக்கலாம். ஆகவே, கடையில் நுழைந்ததும் "சோதிப்பவர் யார், அவருடைய பதிவு என்ன?" என்று கேட்பதில் தவறில்லை. வழக்கமான பவர் மாற்றத்துக்கு இவர்களே போதும். ஆனால் திடீரென மின்னல் போல ஒளி தெரிந்தாலோ, பார்வையின் ஓரத்தில் திரை விழுந்தது போல மறைத்தாலோ, கண்ணாடியைப் பற்றி யோசிக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஊரில் வாங்கிய சீட்டில் வலது கண்ணுக்கு −3.00, சிலிண்டர் +1.00, ஆக்சிஸ் 90 என்று இருந்தது. இங்கே −2.00, சிலிண்டர் −1.00, ஆக்சிஸ் 180 என்கிறார்கள். யார் சொல்வது தவறு?

இருவருமே சரி, இரண்டும் ஒரே லென்ஸ்தான். சிலிண்டர் என்பது ஒரு திசையில் மட்டும் கூடுதலாகத் தேவைப்படும் பவர்; ஆக்சிஸ் என்பது அது அமையும் கோணம். சிலிண்டரைப் பிளஸ் குறியில் எழுதும் பழக்கமும் உண்டு, மைனஸ் குறியில் எழுதும் பழக்கமும் உண்டு. மாற்றிப் பார்ப்பது எளிது: முதல் எண்ணோடு சிலிண்டரைக் கூட்டுங்கள் (−3.00 உடன் +1.00 சேர்ந்தால் −2.00), சிலிண்டரின் குறியை மாற்றுங்கள், ஆக்சிஸை 90 பாகை திருப்புங்கள். இந்தக் கணக்குக்குப் பிறகும் 0.25 அளவுக்கு வேறுபாடு வந்தால் அது அளவீட்டின் இயல்பான ஏற்ற இறக்கம். அதற்காகப் புதுக் கண்ணாடி தேவையில்லை என்பது என் கருத்து. 0.75, 1.00 என்று வேறுபட்டால், அதிலும் ஒரே கண்ணில் மட்டும் வேறுபட்டால், காரணம் கேட்டு மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இடம் மாறிய பிறகு சர்க்கரை ஏறி இறங்குகிறது. இப்போது சோதிக்கலாமா?

பவருக்காக என்றால் பொறுங்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் உள்லென்ஸில் நீர்ச்சத்து மாறுவதால் பவரும் மாறும். சில வாரங்கள் அது நிலைபெற்ற பிறகு அளந்தால்தான் கண்ணாடி நிலைக்கும். விழித்திரைப் பரிசோதனையை மட்டும் இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

புதுக் கண்ணாடியில் எழுத்து தெளிவாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு மணி நேரத்தில் கண் இழுக்கிறது, தலை வலிக்கிறது. சோதித்தவரைக் கேட்பதா, செய்து கொடுத்தவரைக் கேட்பதா?

முதலில் ஒரு கண்ணைக் கையால் மூடி மற்றதால் பாருங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். ஏதாவது ஒரு கண் தனியாகவே மங்கலாக இருந்தால், சந்தேகம் பவரின் மேல். தனித்தனியே தெளிவாக இருந்து, இரு கண்களையும் திறந்தால் மட்டும் இழுத்தால், லென்ஸின் மையங்கள் சரியான இடத்தில் இல்லாமல் இருக்கலாம்.

என்னிடம் வந்த ஒருவருக்கு இரு கண்களிலும் −6.00. அவருடைய கண்மணிகளுக்கு இடையிலான தூரம் 62 மில்லிமீட்டர். கண்ணாடியிலோ லென்ஸ் மையங்கள் 66 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தன. ஒவ்வொரு கண்ணுக்கும் 2 மில்லிமீட்டர் விலகல். சென்டிமீட்டரில் விலகலைப் பவரால் பெருக்கினால் பிரிசம், அதாவது லென்ஸ் ஒளியைப் பக்கவாட்டில் வளைக்கும் அளவு, கிடைக்கும்: 0.2 × 6 = 1.2, இரு கண்களும் சேர்ந்து 2.4. அவருடைய கண்கள் ஓயாமல் வெளிப்பக்கம் விலக வேண்டியிருந்தது, அது கண்களுக்குக் கடினமான வேலை. அதே விலகல் −1.00 பவர்காரருக்கு நேர்ந்திருந்தால் மொத்தமே 0.4 தான், அவருக்கு அது தெரிந்தே இருக்காது.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது இவ்வளவே: லென்ஸை அளக்கும் கருவியான லென்ஸ்மீட்டரில் வைத்து, பவர் சீட்டோடும் மையங்களின் தூரம் உங்கள் கண்மணி இடைத்தூரத்தோடும் பொருந்துகின்றனவா என்று உங்கள் கண்ணெதிரே பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தாவிட்டால், செய்து கொடுத்தவர் மாற்றித் தர வேண்டும். பொருந்தினால், சோதித்தவரிடம் திரும்பிச் சென்று மறுபரிசோதனை கேளுங்கள்.

சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் கண்ணாடி செய்யலாமா?

செய்யலாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பரிசோதனை முடிந்ததும் சீட்டைக் கையில் கொடுப்பது சட்டப்படி கட்டாயம். ஆனால் கண்மணி இடைத்தூரம் பெரும்பாலும் சீட்டில் இருக்காது. கேட்டு எழுதி வாங்குங்கள். தூரத்துக்கும் படிப்புக்கும் ஒரே லென்ஸாக வரும் புரோகிரசிவ் கண்ணாடி என்றால் அதுவும் போதாது, ஏனெனில் தேர்ந்தெடுத்த ஃபிரேமை முகத்தில் மாட்டி, கண்மணி நிற்கும் உயரத்தையும் குறிக்க வேண்டும். அதை ஃபிரேம் விற்பவரிடமே செய்துகொள்வதுதான் பாதுகாப்பு.