சம்பளச் சீட்டு இல்லாதவரிடம் வீட்டுக்காரர் என்ன கேட்கலாம்?

"மும்பை செம்பூரில் 32,000 ரூபாய் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறேன். தனியாக சாஃப்ட்வேர் கன்சல்டன்ட் வேலை செய்வதால் சம்பளச் சீட்டு கிடையாது. ஓராண்டு பேங்க் ஸ்டேட்மென்ட், ஆதார் நகல், பழைய ஓனரின் போன் நம்பர் எல்லாவற்றையும் புரோக்கரின் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். பழைய ஓனர் டெபாசிட்டைத் திருப்பித் தராமல் சண்டை போட்டவர். கொடுத்தே ஆக வேண்டுமா?"

சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் வருமானம் தெரியாத ஒருவருக்கு வீடு தர மாட்டேன் என்று வீட்டுக்காரர் சொன்னால், கொடுக்கச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அதனால் அவர் தெரிந்துகொள்ள வேண்டியதை, உங்களுக்குச் சேதமில்லாத காகிதத்தில் காட்டுவதுதான் வழி.

முதலில் வருமானம். வருமான வரி ரிட்டர்னான ஐடிஆரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உங்களைப் போன்றவர்கள் பலர் 44ஏடிஏ பிரிவில், வந்த பணத்தில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டியிருப்பார்கள். உதாரணமாக, ஆண்டு வரவு 10,80,000 என்றால் ஐடிஆரில் 5,40,000தான் இருக்கும். வீட்டுக்காரர் அதை மாதத்துக்கு 45,000 என்று கணக்குப் போட்டு, 32,000 வாடகை கட்ட முடியாது என்று முடிவு செய்துவிடுவார். கூடவே 26ஏஎஸ் படிவத்தையும் வையுங்கள். டிடிஎஸ் பிடித்த கம்பெனிகள் தந்த முழுத் தொகை அதில் தெரியும். அப்போது கணக்கு மாதத்துக்கு 90,000 ஆகிறது. வெளிநாட்டு கிளையன்ட் தந்த பணம் பொதுவாக அதில் வராது. அதற்கு மட்டும் மூன்று மாத ஸ்டேட்மென்ட் போதும். ஸ்டேட்மென்ட்டில் செலவுப் பதிவுகளை மறைத்துவிட்டு, மறைத்திருப்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு தொகையைக்கூட மாற்றாதீர்கள். அது போலி ஆவணம், கிரிமினல் வழக்கில் போய் முடியும்.

ஆதாரில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். வீடு முடிவாகும் வரை அது போதும். அப்புறம் லீவ் அண்ட் லைசென்ஸ் என்ற வாடகை ஒப்பந்தத்தை ஆன்லைனில் பதியும்போது முழு எண்ணும் கைரேகையும் கேட்பார்கள். அது பதிவுத் துறைக்குப் போவது. புரோக்கரின் போனில் நகல் தங்க வேண்டிய அவசியம் அங்கேயும் இல்லை.

பழைய ஓனர் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. நம்பரை மறைத்தால் சந்தேகம் வரும். தப்பான நம்பர் கொடுத்தால் பொய்யர் ஆவீர்கள். சண்டை நடந்ததை நீங்களே முதலில் சொல்லுங்கள். கையோடு பழைய வீட்டின் பதிவான ஒப்பந்தத்தையும், ஒவ்வொரு மாதமும் வாடகை போன பேங்க் பதிவுகளையும், டெபாசிட் கேட்டு நீங்கள் அனுப்பிய மெசேஜ்களையும் காட்டுங்கள். மகாராஷ்டிர வாடகைச் சட்டம் 1999, 55ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தைப் பதிவது ஓனரின் பொறுப்பு. அவர் பதியவே இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள்.

இதையெல்லாம் புரோக்கருக்கு அனுப்பாமல், வீட்டுக்காரரை நேரில் பார்த்துக் காட்டுங்கள். டோக்கன் பணம் கேட்டால், காகிதம் பிடிக்காமல் அவர் மறுத்தால் முழுத் தொகையும் திரும்ப வரும் என்று ஒரு வரி எழுதி வாங்கிய பிறகே கொடுங்கள்.