சுங்கை பட்டாணியில் அப்பா அம்மா, கோலாலம்பூரில் நான்: மருந்தும் மளிகையும் எப்படி அனுப்புவது?

கேள்வி: நான் செந்தூலில் இருக்கிறேன். அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 70. இருவரும் சுங்கை பட்டாணியில் தனியாக இருக்கிறார்கள். அப்பாவுக்கு நீரிழிவு, இரத்த அழுத்தம். அம்மா இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மாதம் ஒரு முறைதான் என்னால் போக முடிகிறது. மருந்தையும் மளிகையையும் ஆன்லைனில் போடுகிறேன். இரண்டு முறை பார்சல் திரும்பி வந்துவிட்டது. போன மாதம் நான் போடாத பார்சலுக்கு அம்மா 89 ரிங்கிட் கட்டிவிட்டார். இதை ஒழுங்காகச் செய்ய வழி சொல்லுங்கள்.

பதில்: மருந்திலிருந்து தொடங்குகிறேன். மளிகை தவறினால் மறுநாள் வாங்கிக்கொள்ளலாம், மருந்தில் அது முடியாது. அப்பாவின் நீரிழிவு மாத்திரையையும் அழுத்த மாத்திரையையும் இணையச் சந்தையில் வாங்காதீர்கள். மெட்ஃபோர்மின், அம்லோடிபின் போன்றவை 1952ஆம் ஆண்டு நஞ்சுச் சட்டத்தின் கீழ் வருபவை. மருத்துவரோ, அவர் சீட்டைப் பார்த்து மருந்தாளுநரோதான் கொடுக்க வேண்டும். சீட்டே கேட்காமல் வண்டியில் போட்டு அனுப்பும் விற்பனையாளர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். அவர் மருந்தை எங்கிருந்து எடுத்தார், எந்த வெயிலில் வைத்திருந்தார் என்று கேட்க உங்களுக்கு வழியே இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதை என் வீட்டிலேயே பார்த்தேன். என் அப்பா பாகான் செராயில் இருந்தார். ஒரு நாள் காலையில் அவருக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கியது. சர்க்கரையைக் குத்திப் பார்த்தால் 3.1, மிகவும் இறங்கியிருந்தது. பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தேன். அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மாத்திரை ஒரு பக்கம், தம்பி "தீர்ந்துவிடப் போகிறது" என்று பயந்து வாங்கி அனுப்பிய பெட்டி இன்னொரு பக்கம். பெட்டியின் நிறம் வேறு, பெரிய எழுத்தில் இருந்த பெயர் வேறு. கீழே சின்ன எழுத்தில் இரண்டிலும் இருந்தது ஒரே மருந்து, சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைட். அப்பா இரண்டையும் நேரம் தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். நான் மருந்தாளுநர், ஆனாலும் டின்னைத் திறக்கும் வரை எனக்குத் தெரியவில்லை.

அதனால் மருந்து ஒரே இடத்திலிருந்து வரட்டும், வந்து சேரும் வழியை மட்டும் மாற்றுங்கள். அரசாங்க கிளினிக்கிலும் மருத்துவமனையிலும் தொடர் மருந்துக்கு "Ubat Melalui Pos" என்ற சேவை இருக்கிறது. மருந்தகக் கவுண்டரில் பதிந்து, அஞ்சல் கட்டணம் கட்டினால் அடுத்தடுத்த மருந்து வீட்டுக்கே வரும். நீங்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவைக் கவுண்டருக்கு அழைத்துப் போய்ப் பதிந்துவிடுங்கள். பெரிய மருத்துவமனையில்தான் மருந்து எடுக்கிறார் என்றால், "SPUB" பற்றியும் அங்கேயே கேளுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கிளினிக்கில் அதே மருந்தை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

அம்மாவின் இன்சுலினை மட்டும் எந்தக் கூரியரிலும் அனுப்பாதீர்கள். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வேனில் ஒரு மதியம் கிடந்தாலே மருந்து வீணாகிவிடலாம். சில சமயம் பார்வைக்கு மாற்றமே தெரியாது, ஊசி போட்ட பிறகும் சர்க்கரை இறங்காமல் நிற்கும்போதுதான் தெரியும். இன்சுலினை யாராவது போய் ஐஸ் பையில் எடுத்து வருவதுதான் சரி. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப், பெரியவர்களுக்கான டயப்பர், பால் மாவு இவற்றைத் தாராளமாக ஆன்லைனில் வாங்கலாம். ஸ்ட்ரிப் அவர்களிடம் உள்ள மீட்டரின் மாடலுக்குப் பொருந்துகிறதா, காலாவதி தேதி என்ன என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து என்று எதை வாங்கினாலும் பெட்டியில் MAL என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். எண்ணுக்குப் பின் வரும் முதல் எழுத்து A என்றால் அது சட்டக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. அது இணையச் சந்தையில் கிடந்தால் தொடவே வேண்டாம்.

நேரக் கணக்குக்கு வருவோம். அப்பா நாளுக்கு இரண்டு மெட்ஃபோர்மின் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மாத்திரை மிஞ்சியிருக்கும்போது கையில் பத்து நாள் இருக்கிறது. அன்றைக்கே அடுத்த மருந்துக்கான வேலையைத் தொடங்கிவிட வேண்டும். கோலாலம்பூரில் இருப்பவர்கள் மறந்துபோவது ஒன்று: கெடாவில் அரசாங்க வார விடுமுறை வெள்ளியும் சனியும். வியாழக்கிழமை மாலை கிளினிக் மூடினால் ஞாயிறுதான் திறக்கும். நீங்கள் வெள்ளிக்கிழமை அலுவலக இடைவேளையில் போன் செய்தால் எடுக்க ஆள் இருக்காது. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி நேரத்திலும் 11.11 போன்ற மலிவு விற்பனை நாள்களிலும் கூரியர் தேங்கும். அப்போது பத்து நாளை மூன்று வாரமாக்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் பேசும்போது மாத்திரை அட்டையைக் கேமராவுக்கு முன் காட்டச் சொல்லுங்கள். "இருக்கு, இருக்கு" என்று அப்பா சொல்வதை வைத்துக் கணக்குப் போட முடியாது.

அடுத்து, திரும்பி வந்த பார்சல்கள். பெரும்பாலும் காரணம் தொலைபேசி எண்தான். ஆப்பில் உங்கள் எண் பதிந்திருக்கும். வாசலில் நிற்கும் ஓட்டுநர் உங்களை அழைக்கிறார், நீங்கள் செந்தூலில் கூட்டத்தில் இருக்கிறீர்கள். முகவரிப் பகுதியில் பெறுநர் என்று அப்பாவின் பெயரையும் எண்ணையும் தனியாகச் சேமித்து வையுங்கள். தாமான்களில் லோரோங் 3, லோரோங் 3A என்று வரிசையாக இருக்கும், வரைபடப் புள்ளி பக்கத்துச் சந்தில் போய் விழும். அடுத்த முறை வீட்டு வாசலில் நின்றே புள்ளியைச் சரிசெய்யுங்கள். "நீல கேட், எதிரே சூராவ்" என்பது போல ஒரு வரி குறிப்பும் போடுங்கள்.

மளிகையைக் கோலாலம்பூரிலிருந்து அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. 10 கிலோ அரிசிக்குக் கூரியர் கட்டணம் அதிகம், உடைந்தால் வீண். அந்த ஊர்க் கடையிலிருந்தே போக வேண்டும். கிராப் போன்ற ஆப்பில் விநியோக முகவரியை அப்பாவின் வீட்டுக்கு மாற்றினால் அங்குள்ள கடைகள் தெரியும். பொருள் இல்லையென்றால் மாற்றுப் பொருள் வேண்டாம், பணத்தைத் திருப்பித் தரவும் என்று தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் சீனி இல்லாத பிஸ்கட்டுக்குப் பதில் கிரீம் பிஸ்கட் போய்ச் சேரும். என்னைக் கேட்டால், அவர்கள் 20 வருடமாகச் சாமான் வாங்கும் மளிகைக் கடைக்காரருக்கு வாட்ஸ்ஆப்பில் பட்டியல் அனுப்பி, டுயிட்நவ்வில் பணம் கட்டுவதுதான் எல்லாவற்றிலும் நல்லது. அவருக்கு வீடு தெரியும், அம்மாவை முகம் பார்த்துப் பேசுவார். பணம் அனுப்பும் முன் திரையில் தோன்றும் பெயர் அவர் பெயரோ கடையின் பெயரோதானா என்று பாருங்கள்.

அந்த 89 ரிங்கிட்டைப் பொறுத்தவரை, அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். பார்சலில் கணவரின் பெயரும் சரியான முகவரியும் இருந்திருக்கும், மகனோ மகளோ அனுப்பியது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நீங்கள் வாங்கும் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் கட்டிவிடுங்கள், COD ஒருமுறைகூட வேண்டாம். அப்போதுதான் "வாசலில் காசு கேட்டால் அது நம்முடையது இல்லை, வாங்காதீங்க" என்று அம்மாவிடம் ஒரே வரியில் சொல்ல முடியும். ஒருமுறை நீங்களே COD போட்டுவிட்டால் அந்த வரி செல்லாது. ஆப்பில் வரும் "Order Received" பொத்தானை, அம்மா பெட்டியைத் திறந்து படம் அனுப்பிய பிறகே அழுத்துங்கள். அதை அழுத்தினால் பணம் விற்பனையாளருக்குப் போய்விடும்.

"உங்கள் பார்சல் நிற்கிறது, இந்த இணைப்பைத் தட்டுங்கள்" என்று அப்பாவின் போனுக்குச் செய்தி வந்து, அவர் தட்டிப் பணம் போய்விட்டால், உடனே வங்கிக்கு அல்லது மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழைக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணையும் உங்கள் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி, மாத்திரை டின் மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். தினமும் இரண்டு வேளை அவர்கள் திறப்பது அதைத்தான்.