காக்டெயிலில் பிட்டர்ஸ் என்று ரெண்டு சொட்டு விடுகிறார்களே, அது என்ன? அவ்வளவு கொஞ்சத்தில் ருசி எப்படி மாறும்?

கசப்பான வேர், பட்டை, மசாலாப் பொருட்கள், பழத்தோல் எல்லாவற்றையும் சாராயத்தில் ஊறவைத்து இறக்கிய சாறுதான் பிட்டர்ஸ். அதிகம் புழங்குவது அங்கோஸ்துரா. தென் அமெரிக்க விடுதலைப் போரை நடத்திய பொலிவாரின் படையில் இருந்த சீகெர்ட் என்ற ஜெர்மன் மருத்துவர், 1824-ல் வெனிசுலாவின் அங்கோஸ்துரா நகரில் வயிற்றுக் கோளாறுக்காகத் தயாரித்த மருந்து அது. இப்போது டிரினிடாடில் தயாராகிறது. செய்முறை ரகசியம் என்றாலும், ஜென்ஷன் வேர் சேர்வது லேபிளிலேயே இருக்கும்.

அந்த வேரின் கசப்பு மிகக் கடுமையானது, துளி போதும். ஓல்டு ஃபேஷன்ட் என்ற விஸ்கி காக்டெயிலில் இதைச் சோதித்துப் பாருங்கள். 60 மி.லி. பூர்பன் விஸ்கி, ஒரு டீஸ்பூன் சர்க்கரைப் பாகு, நிறைய ஐஸ். அரை நிமிடம் கலக்கி இரண்டு கிளாஸில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் அங்கோஸ்துராவை ஒரு உதறு உதறுங்கள். பிட்டர்ஸ் இல்லாததில் முதலில் இனிப்பு, பிறகு சாராயத்தின் எரிச்சல். இரண்டும் ஒட்டாமல் நிற்கும். மற்றதில் கசப்பு தனியாகத் தெரியவே தெரியாது. ஆனால் அது இனிப்பை அடக்கிவிடுவதால், விஸ்கியில் ஏற்கெனவே இருந்த வனிலா, மரவாசனை எல்லாம் மேலே வரும்.

இது பாதி வேலைதான். மீதி மூக்கில் நடக்கிறது. கிராம்பு, பட்டை போன்ற மணம் கிளாஸை வாயருகே கொண்டுபோகும்போதே ஏறும். பிஸ்கோ சவர் என்ற காக்டெயிலில் முட்டை நுரையின் மேல் பிட்டர்ஸைச் சொட்டுவது இந்த மணத்துக்காகத்தான். எலுமிச்சையின் புளிப்பே அங்கே இனிப்பைச் சமாளித்துவிடும்.

அப்புறம் அளவு. காக்டெயில் செய்முறைகளில் வரும் "டேஷ்" என்பது சொட்டு இல்லை. பாட்டிலைக் கவிழ்த்து ஒருமுறை உதறினால் விழுவது, ஏறக்குறைய முக்கால் மி.லி. முழு கிளாஸுக்கு இரண்டு உதறு சரி. இதில் ஒரு சிக்கல் உண்டு: புது பாட்டில் நிறைந்திருப்பதால் கொஞ்சமாகத்தான் விழும், பாதி காலியானால் அதே உதறலில் கூடுதலாக விழும். அதனால் நேற்று சரியாக வந்தது இன்று கூடிப்போகலாம். கூடிவிட்டால் கிராம்பு நெடி விஸ்கியை மூடிவிடும், விழுங்கிய பிறகும் அடிநாக்கில் கசப்பு நிற்கும். அப்போது இன்னும் பாகு ஊற்றிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், திகட்டும். விஸ்கியைக் கூட்டுவதுதான் வழி.

சாராயமே வேண்டாம் என்பவர்கள் கவனிக்க: அங்கோஸ்துராவில் 44.7 சதவீதம் ஆல்கஹால். சோடாவில் இரண்டு உதறு விட்டாலும் கொஞ்சம் சேரத்தான் செய்யும். அதே காரணத்தால் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதில்லை, வெளியிலேயே வருடக்கணக்கில் இருக்கும்.