ஜெர்மன் பிரியும் வினைகள்: முன்னொட்டு நிற்கும் இடம்

கேள்வி: ஜெர்மனில் 'அன்ரூஃபன்' போன்ற வினைகளில் 'அன்' சில இடங்களில் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடுகிறது, சில இடங்களில் வினையோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. எங்கே பிரிக்க வேண்டும், எங்கே சேர்க்க வேண்டும் என்று எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்:

முன்னொட்டு இருக்கும் இடத்திலேயே இருக்கிறது, வினைதான் அதை விட்டுவிட்டு முன்னே போகிறது என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான பாடநூல்கள் முதன்மைத் தொடரிலிருந்து தொடங்கி, 'முன்னொட்டைப் பிரித்துக் கடைசியில் வை' என்று சொல்லிக்கொடுக்கின்றன. தமிழ் பேசுபவர்கள் சார்புத் தொடரிலிருந்து, அதாவது ஜெர்மானியர்கள் 'நேபன்ஸட்ஸ்' என்று சொல்லும் தொடரிலிருந்து தொடங்குவதே எளிது என்பது என் உறுதியான கருத்து. அதன் சொல்வரிசை நம்முடைய வரிசைக்கு மிக அருகில் இருக்கிறது.

'வைல் இஷ் டிஷ் மோர்கன் அன்ரூஃபெ' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். 'வைல்' என்பது காரணம் காட்டும் இணைப்புச் சொல். அதை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது 'நான் உன்னை நாளை தொலைபேசியில் அழைக்கிறேன்' என்பதுதான். எழுவாய், செயப்படுபொருள், காலம், கடைசியில் வினை என்று தமிழில் வரும் அதே வரிசை. வினை தன் இயல்பான இடமான கடைசியில் இருப்பதால் 'அன்' அதோடு சேர்ந்தே நிற்கிறது, எழுத்திலும் ஒரே சொல்லாகவே எழுதப்படுகிறது.

இதே செய்தியை முதன்மைத் தொடராகச் சொல்லும்போது ஜெர்மன் ஒரு நிபந்தனை விதிக்கிறது: காலத்தையும், தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இடத்தையும் காட்டும் வினைவடிவம் தொடரின் இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும். ஆகவே 'ரூஃபெ' மட்டும் முன்னே போகிறது, 'அன்' பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது: 'இஷ் ரூஃபெ டிஷ் மோர்கன் அன்'. தமிழில் 'கண்டுபிடி' என்ற வினையை நினைத்துக்கொண்டால் இது தெளிவாகும். அதில் காலமும் இடமும் 'பிடி'யில்தான் ஏறுகின்றன, 'கண்டு' மாறுவதில்லை. ஜெர்மன் பழக்கத்தைத் தமிழில் புகுத்தினால் 'அவன் பிடித்தான் சாவியை நேற்று கண்டு' என்று வரும். நம் காதுக்கு அது எவ்வளவு விநோதமாக இருந்தாலும், அங்கே நடப்பது அதுதான்.

இரண்டாம் இடம் என்பது இரண்டாவது சொல் அல்ல, இரண்டாவது உறுப்பு. 'மோர்கன் ரூஃபெ இஷ் டிஷ் அன்' என்று நாளையை முன்னே வைத்தால் எழுவாய் வினைக்குப் பின்னே போகும், 'அன்' அசையாது. ஒரு முழுச் சார்புத் தொடரே முதல் உறுப்பாக வருவதும் உண்டு. அதைப் பார்க்க, இரண்டு பிரியும் வினைகள் உள்ள ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். 'இஷ் ரூஃபெ டிஷ் அன், வென் டேர் ட்ஸூக் அன்கொம்ட்' என்றால் 'ரயில் வந்து சேரும்போது உன்னை அழைக்கிறேன்' என்று பொருள். முதல் பாதி முதன்மைத் தொடர் என்பதால் 'ரூஃபெ' முன்னே போய்விட்டது, 'அன்' காற்புள்ளிக்கு முன் தனியே நிற்கிறது. இரண்டாம் பாதி 'வென்' தொடங்கிய சார்புத் தொடர், ஆகவே 'அன்கொம்ட்' ஒரே சொல்லாகக் கடைசியில் இருக்கிறது. வரிசையை மாற்றினால் 'வென் டேர் ட்ஸூக் அன்கொம்ட், ரூஃபெ இஷ் டிஷ் அன்' என்றாகும். 'வென்' முதல் 'அன்கொம்ட்' வரை எல்லாம் சேர்ந்து முதல் உறுப்பு, அதனால் 'ரூஃபெ' காற்புள்ளியை அடுத்து உடனே வருகிறது. இந்த இரண்டு வடிவங்களையும் மனப்பாடம் செய்துகொண்டால், ஐயம் வரும்போதெல்லாம் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன்னொட்டு முதன்மைத் தொடரின் கடைசியில் வரும் என்பதும், அதற்குப் பின்னும் ஒரு சார்புத் தொடர் தொடரலாம் என்பதும் முதல் வடிவத்தில் கண்ணெதிரே இருக்கின்றன.

துணைவினை வரும்போது கணக்கு இன்னும் எளிதாகிறது, ஏனென்றால் இரண்டாம் இடத்துக்கு அந்தத் துணைவினை போய்விடுகிறது, முதன்மை வினை கடைசியில் முழுமையாக இருக்கிறது: 'இஷ் முஸ் டிஷ் மோர்கன் அன்ரூஃபன்', நான் உன்னை நாளை அழைக்க வேண்டும். சார்புத் தொடரில் 'வைல் இஷ் டிஷ் மோர்கன் அன்ரூஃபன் முஸ்' என்று வரும்போது 'அழைக்க வேண்டும்' என்ற நம் வரிசையே அப்படியே கிடைக்கிறது. முடிந்த செயலைச் சொல்லும் வடிவத்தில் 'கெ' என்ற அசை முன்னொட்டுக்கும் வினைக்கும் நடுவே நுழைந்து 'அன்கெரூஃபன்' என்றாகும். 'ட்ஸூ' சேரும்போதும் இடம் அதேதான், 'அன்ட்ஸூரூஃபன்'. இரண்டுமே ஒரே சொல்லாக எழுதப்படும்.

தவறு பெரும்பாலும் இணைப்புச் சொல்லில்தான் தொடங்குகிறது. 'வைல்', 'வென்', 'டஸ்', 'ஓப்' ஆகியவை வினையைக் கடைசியில் நிறுத்துபவை. 'உன்ட்', 'ஆபர்', 'ஓடர்', 'டென்' ஆகியவை அப்படிச் செய்வதில்லை. 'வைல்', 'டென்' இரண்டும் காரணம்தான் சொல்கின்றன, ஆனால் 'டென் இஷ் ரூஃபெ டிஷ் மோர்கன் அன்' என்று பிரித்துத்தான் எழுத வேண்டும். 'டஸ்' விடுபடும்போதும் இதே மாற்றம் நடக்கும்: 'இஷ் கிளௌபெ, டஸ் ஏர் மோர்கன் அன்ரூஃப்ட்' என்பது 'இஷ் கிளௌபெ, ஏர் ரூஃப்ட் மோர்கன் அன்' என்றாகும். பேச்சில் 'வைல்' தொடரையும் முதன்மைத் தொடர் வரிசையில் சொல்வதை நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். எழுத்திலும் தேர்விலும் அது பிழையாகவே கொள்ளப்படும்.

கேட்டுப் புரிந்துகொள்ளும்போது இந்த அமைப்பு எவ்வளவு முக்கியம் என்பதை நான் ஒரு மருத்துவமனைக் குரல்செய்தியில் கற்றுக்கொண்டேன். 'வீர் ஸாகன் டேன் டெர்மீன் அம் டொன்னர்ஷ்டாக் உம் ட்ஸேன் ஊர் அப்' என்று அதில் சொல்லியிருந்தார்கள். வியாழன், பத்து மணி என்பது வரை கேட்டுக் குறித்துக்கொண்டு அழைப்பைத் துண்டித்துவிட்டேன். கடைசியில் ஒலித்த 'அப்' என்ற ஓரசைதான் சந்திப்பை ரத்து செய்தது. அந்த இடத்தில் 'ட்ஸூ' இருந்திருந்தால் அதே வாக்கியம் சந்திப்பை உறுதி செய்திருக்கும். அன்று முதல் படிக்கும்போதும் இரண்டாம் இடத்து வினையைக் கண்டவுடன் தொடரின் கடைசியைப் பார்த்துவிட்டே அகராதியைத் திறக்கிறேன். 'ஸாகன்' என்று தேடினால் 'சொல்' என்றுதான் முதலில் வரும், தேட வேண்டியது 'அப்ஸாகன்'.

எந்த முன்னொட்டு பிரியும் என்பதை அழுத்தம் காட்டும். 'அன்ரூஃபன்' என்பதில் 'அன்' அழுத்தமாக ஒலிக்கிறது, ஆகவே பிரியும். 'பெ', 'ஏர்', 'ஃபேர்', 'ட்ஸேர்', 'என்ட்' போன்றவை அழுத்தம் பெறுவதில்லை, பிரிவதுமில்லை. 'உம்' இரு வகையாகவும் வரும்: 'ஏர் ஃபேர்ட் டஸ் ஷில்ட் உம்' என்றால் அவர் பெயர்ப்பலகையை வண்டியால் இடித்துச் சாய்க்கிறார், 'ஏர் உம்ஃபேர்ட் டஸ் ஷில்ட்' என்றால் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார். முதன்மைத் தொடரில் பிரிந்திருப்பதைப் பார்த்தே பொருளைச் சொல்லிவிடலாம். 'வைல் ஏர் டஸ் ஷில்ட் உம்ஃபேர்ட்' என்று சார்புத் தொடராகிவிட்டால் இரண்டும் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. வாய்விட்டுச் சொல்லும்போது அழுத்தம் 'உம்' மீதா, 'ஃபேர்ட்' மீதா என்பது பலகை சாய்ந்ததா இல்லையா என்பதைக் காட்டிவிடும். காகிதத்தில் அதற்கு முன்பின் வாக்கியங்களைத்தான் பார்க்க வேண்டும்.