தேதி தப்பிய டிக்கெட்: நடுராத்திரியில் இறக்கிவிடுவார்களா?

கேள்வி: என் மாமியார் மதுரையிலிருந்து தாம்பரத்துக்கு ராத்திரி ரயிலில் தனியாகப் போனார். டிக்கெட்டில் 13ஆம் தேதி, 00.15 என்று இருந்தது. 13 ராத்திரி கூட்டிப்போய் ஏற்றிவிட்டோம். அந்த டிக்கெட் செல்லாது என்று டி.டி.ஆர். சொன்னாராம். ஆனாலும் திட்டாமல், 600 சொச்சம் வாங்கிக்கொண்டு ரசீதும் கீழ் பெர்த்தும் கொடுத்திருக்கிறார். பணம் இல்லாமல் போயிருந்தால் வழியில் இறக்கிவிட்டிருப்பாரா? (வாசகி, திருமங்கலம்)

பதில்: இறக்கிவிட்டிருக்க முடியாது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 139ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. கட்டணம் கட்டாதவரை இறக்கலாம்தான். ஆனால் ஆண் துணையில்லாமல் வரும் பெண்ணை அவர் ஏறிய நிலையம், ஜங்ஷன், வண்டி முடியும் நிலையம், மாவட்டத் தலைநகர் ஆகிய இடங்களில் மட்டுமே இறக்கலாம். அதுவும் பகலில் மட்டும். திண்டுக்கல் ஜங்ஷன்தான், மாவட்டத் தலைநகரும்தான். இருந்தாலும் ராத்திரி ஒரு மணிக்கு அங்கே இறக்கக் கூடாது. திருச்சியிலும் அப்படித்தான். விடிகிற வரைக்கும் உங்கள் மாமியார் வண்டியில்தான் இருப்பார். தனியாகப் போகும் பெண்கள் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

00.15 என்றால் 12ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். நீங்கள் போனபோது வண்டி போய் ஒரு நாள் ஆகியிருந்தது. ‘12 இரவே நிலையத்துக்கு வாருங்கள்’ என்று ஒரு வரி அச்சடிக்க அந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன கஷ்டம்? எத்தனை குடும்பங்கள் இதில் ஏமாந்து நிற்கின்றன!

600 எப்படி வந்தது? கட்டணம் 300 சொச்சம், அதே அளவு அபராதம். கட்டணம் 250க்குக் குறைவாக இருந்தால் அபராதம் 250. ஏறிய இடம் சந்தேகமாக இருந்தால் வண்டி கிளம்பிய ஊரிலிருந்தே கணக்குப் போடலாம். அந்த வண்டி நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தால் தொகை இன்னும் ஏறியிருக்கும். செல்லாத டிக்கெட்டில் மதுரை என்று இருந்ததை அந்த டி.டி.ஆர். நம்பியிருக்கிறார். அதனால் தேதி தப்பிய டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள். பெர்த் கேட்கும் உரிமை உங்கள் மாமியாருக்கு இல்லை. ஆர்.ஏ.சி.காரர்களுக்குக் கொடுத்த பிறகும் காலியாக இருந்தால்தான் கிடைக்கும். வயதானவர் என்று பார்த்துக் கீழ் பெர்த் தேடிக் கொடுத்தது அந்த மனிதரின் நல்ல மனசு.

டிக்கெட்டை யார் எடுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஏஜென்ட் என்றால் கவனம். பல பேர் தங்கள் சொந்தக் கணக்கில் எடுத்து, தங்கள் செல்போன் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். ரயில்வே அனுப்பும் குறுஞ்செய்தி அவர்களுக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. கேட்டால் “எல்லாம் கன்ஃபர்ம்” என்று ஜெராக்ஸை நீட்டுவார்கள். அவர்களுக்குக் கமிஷன் வந்தாயிற்று, ராத்திரியில் தவிப்பது நீங்கள். உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் கவுன்டருக்குப் போங்கள்.

டிக்கெட் தப்பு என்று ஏறுவதற்கு முன்பே தெரிந்தால், பிளாட்பாரத்திலேயே டி.டி.ஆரையோ கார்டையோ பார்த்துச் சொல்லுங்கள். அவர் அனுமதிச் சான்று எழுதிக் கொடுத்தால் கட்டணம் மட்டும்தான், அபராதம் கிடையாது.